முப்பத்தாறு நாள் தாமதம்

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் இருக்கிற ஒரு ஓட்டலில் எனக்கு ஸ்டோர் பொறுப்பு. உப்பு முதல் சோப்பு வரை என் கையெழுத்து இல்லாமல் உள்ளே வராது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் சட்டென்று வரும், என் கணக்கில் தப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் அன்று முழுக்க அவர்களோடு பேசமாட்டேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போவது என் கணக்கில் இருந்த ஒரு தப்பைப் பற்றி.

சாரல் சீசனில் எங்களுக்குக் காய்கறி மூன்று பேர் கொண்டு வருவார்கள். ஒருவர் தென்காசியில் மண்டி வைத்திருக்கிறவர். இன்னொருவர் செங்கோட்டைக்காரர், எங்களிடம் இறக்கிவிட்டு அப்படியே கேரளாவுக்கு வண்டியை விடுவார். மூன்றாவது சுரண்டையிலிருந்து ஒரு அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது. அக்காவுக்கு மண்டி கிடையாது. சுரண்டையைச் சுற்றி நாலு விவசாயிகளிடம் நேரே பேசி, தோட்டத்திலேயே பறிக்கவைத்து, சின்ன வண்டியில் போட்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து தானே வருவார். அவருக்கு வேறு பெரிய வாடிக்கை இல்லை. எங்கள் ஆர்டரை நம்பித்தான் அந்த நாலு பேரும் கத்தரியும் வெண்டையும் போட்டார்கள்.

போன சீசன் தொடங்கும்போதே எங்கள் மேலாளர் ஒரு ஏற்பாடு செய்தார். மூன்று பேருக்கும் கடிதம் போனது. சீசன் முடிந்ததும் நூற்றுக்கு மதிப்பெண் போடுவோம். தரத்துக்கு நாற்பது, நேரத்துக்கு வந்து சேர்வதற்கு நாற்பது, விலைக்கு இருபது. முதல் இடத்துக்கு அடுத்த சீசனில் நூற்றுக்கு அறுபது பங்கு ஆர்டர், இரண்டாம் இடத்துக்கு நாற்பது பங்கு. மூன்றாவது ஆளுக்கு ஒப்பந்தம் இல்லை, கூட்டம் மிஞ்சும் நாட்களில் மட்டும் கூப்பிடுவோம். சமமாக வந்தால் தரத்தில் கூடுதல் வாங்கியவர் முன்னால். கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். படிக்கும்போதே எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாய்க்கு வந்தபடி ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த ஊரில் நாங்கள் மட்டும் பெரிய கம்பெனி மாதிரி ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

சீசனில் எண்பது நாள் கணக்கு எடுத்தோம். பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் நான் அறிக்கையை முடித்தேன். எப்படிப் போட்டேன் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். தரம் என்பது கொண்டுவந்த எடையில் நாங்கள் கழிக்காமல் ஏற்றுக்கொண்டது எத்தனை சதவீதம் என்பது. அக்காவின் காயில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஏழரை கிலோ தேறியது. அதற்கு நாற்பதுக்கு முப்பத்தொன்பது. மண்டிக்காரருக்கு முப்பத்தெட்டு, செங்கோட்டைக்காரருக்கு முப்பத்தேழு. விலையில் யார் குறைவோ அவருக்கு முழு இருபது, மற்றவர்களுக்கு அந்த விகிதத்தில். மண்டிக்காரர் தொண்ணூறு ரூபாய்க்குத் தரும் காயை அக்கா நூறு ரூபாய்க்குத் தருகிறார், ஆகவே அவருக்குப் பதினெட்டு. செங்கோட்டைக்காரருக்குப் பத்தொன்பது. இதுவரை எல்லாரும் அடுத்தடுத்துதான் நின்றார்கள்.

நேரத்தில்தான் அக்கா கீழே போனார். காலை ஆறரைக்குள் வந்தால் அந்த நாள் சரி, தாண்டினால் தாமதம். எண்பது நாளுக்கு நாற்பது மதிப்பெண் என்பதால் ஒரு நாளுக்கு அரை மதிப்பெண். மண்டிக்காரர் எழுபத்திரண்டு நாள் சரி, முப்பத்தாறு மதிப்பெண். செங்கோட்டைக்காரர் அறுபத்தெட்டு நாள், முப்பத்திநாலு. அக்கா நாற்பத்திநாலு நாள்தான் சரி, முப்பத்தாறு நாள் தாமதம். இருபத்திரண்டு மதிப்பெண். கூட்டினால் மண்டி தொண்ணூற்று நாலு, செங்கோட்டை தொண்ணூறு, அக்கா எழுபத்தொன்பது. நான் ரசீதுத் தாள்களை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, மேலாளருக்கு அனுப்பிவிட்டேன்.

அறிக்கை நன்றாக இருக்கிறது என்று மேலாளர் சொன்னார். மூன்றாவது ஆளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டியலில் அவர் மூன்றாவது வரி. என் போனில் அவர் பெயர் ‘அக்கா’. சமையல்காரர் வேறு என் மேஜைக்கு வந்து, சுரண்டைக் கத்தரிக்காய் இல்லாவிட்டால் எண்ணெய்க் கத்தரிக்காய் என்று மெனுவில் எழுதாதீர்கள் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார்.

ஒளிக்காமல் சொல்கிறேன், அன்று மதியம் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒரு திருட்டு வேலை பார்த்தேன். தரத்துக்கு அறுபது, நேரத்துக்கு இருபது என்று மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் அக்கா மூன்றாவது. தரத்துக்கு எழுபது, நேரத்துக்குப் பத்து என்று போட்டேன். செங்கோட்டைக்காரருக்குத் தொண்ணூற்று இரண்டேகால், அக்காவுக்குத் தொண்ணூற்று ஒன்றே முக்கால். அப்போதும் மூன்றாவது! எனக்கே வெட்கமாகிவிட்டது. சீசனுக்கு முன்னால் கடிதம் போட்டுச் சொன்ன மதிப்பெண் பங்கீட்டை, மதிப்பெண் வந்தபிறகு வேண்டியவருக்காக மாற்றினால் அதற்குப் பெயர் அறிக்கை இல்லை. அந்த ஃபைலை அழித்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

போனிலேயே சொல்லிவிட நினைத்தேன், வாய் வரவில்லை. நேரில் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் பத்து மணிக்கு வந்து நின்றார். கையில் ஒரு பை முருங்கைக்காய், எனக்கென்று. வாங்க மனசில்லை. மேஜைமேல் அப்படியே இருந்தது.

நான் சுற்றிவளைத்து ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார். கத்தரிக்கு நாற்று விட வேண்டிய நேரம் நெருங்குகிறது, நாலு பேரும் தினமும் கேட்கிறார்கள், விடலாமா வேண்டாமா என்று. நான் அவருடைய பக்கத்தை மட்டும் அச்செடுத்து முன்னால் வைத்தேன். எட்டாவது வரை படித்தவர். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். தரத்தில் முப்பத்தொன்பது என்று கண்டதும் முகம் மலர்ந்தது. அடுத்த வரிக்கு விரல் வந்தது, அங்கேயே நின்றது.

“முப்பத்தாறு நாள் லேட்டா? நானா?”

ரசீதில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. என் கணக்கு ஆயிற்றே. ஒவ்வொரு தாளிலும் நேரம் இருக்கிறது, நான் கையால் எழுதியது, வேண்டுமானால் எடுத்துக் காட்டுகிறேன் என்று அலமாரிப் பக்கம் திரும்பினேன்.

அக்கா கோபப்படவில்லை. “தங்கச்சி, நீங்க ஆறு மணிக்கு ஸ்கூட்டில வருவீயள்லா. அன்னாடம் வரும்போது நான் எங்கன நிப்பேன்?”

அலமாரிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றேன். எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியும். சமையலறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில். வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, கூடைகளைக் கீழே இறக்கி, குந்தி உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருப்பார். சொத்தை, அடிபட்டது, முற்றல், எல்லாம் தனிச் சாக்கில் போகும். நான் ஸ்கூட்டியை நிறுத்தும்போது தலையைத் தூக்கி ஒரு சிரிப்பு. சீசன் முழுக்க அநேகமாகத் தினமும் நான் பார்த்த காட்சி அது.

எங்கள் பின்பக்கச் சந்தில் ஒரு வண்டிதான் நிற்க முடியும். எடை மெஷினும் ஒன்றே ஒன்று. முதலில் பால் வண்டி. பிறகு செங்கோட்டைக்காரர் வந்து, கேரளாவுக்குப் போகணும் மேடம், லேட்டாகுது என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நிற்பார். மண்டிக்காரரின் ஆள் ஹாரனை விடவே மாட்டான். அக்கா மட்டும், அவங்க எறக்கட்டும், எனக்கு என்ன அவசரம் என்பார். நானும் சரி என்பேன். சத்தம் போடுகிறவர்களை முதலில் அனுப்பிவிட்டால் எனக்கு நிம்மதி. பல நாட்களில், கடைசியாக அக்காவின் காயை எடை போட்டு ரசீது எழுதும்போது ஆறே முக்கால், ஏழு ஆகியிருக்கும். ரசீதில் நேரம் என்று ஒரே ஒரு கட்டம்தான். எடை போட்டு முடித்த கையோடு கடிகாரத்தைப் பார்த்து நான் நிரப்புவது அந்தக் கட்டத்தைத்தான்.

ஆனால் கடிதத்தில் இருந்தது வேறு. ‘காலை ஆறரைக்குள் ஓட்டல் வாசலுக்கு வந்து சேர வேண்டும்’ என்று. நான் தட்டச்சு செய்த வாக்கியம். நான் அளந்தது அவர் வந்த நேரத்தை இல்லை, எனக்கு அவர் பக்கம் திரும்பக் கை ஒழிந்த நேரத்தை.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. கூடவே கோபமும் வந்தது, அதுவும் யார்மேல் என்று தெரியாமல் அக்காமேலேயே வந்தது. இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, முதலில் என்னை இறக்கவிடுங்கள் என்று ஏன் ஒரு நாளாவது கேட்கவில்லை என்று கத்தினேன். அவர் முருங்கைக்காய்ப் பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“காத்துக்கெடக்கதுல எனக்கு லாபம்லா. ரோட்டுல குலுங்கி வார காய்ல நாலு நசுங்கத்தான் செய்யும். அந்த நேரத்துல பொறுக்கிப் போட்டுட்டா ஒங்க முன்னாடி நல்ல காயா நிக்கும்.”

அவருக்குத் தரத்தில் முப்பத்தொன்பது வாங்கிக் கொடுத்ததும், நேரத்தில் அவரைக் கவிழ்த்ததும் அதே ஒரு மணி நேரக் காத்திருப்புதான்.

நாற்று விஷயத்துக்கு இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி அவரை அனுப்பினேன். நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை, சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. நேரே வாசல் காவல் அறைக்குப் போனேன். எங்கள் காவலாளி அண்ணாச்சி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வண்டி உள்ளே நுழைந்தால் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார். நேரத்தைக்கூடப் பட்டாளத்து வழக்கப்படி நாலு இலக்கமாக எழுதுவார். இந்த ஆளுக்கு எழுதுவதே வேலை என்று நான் கேலி செய்திருக்கிறேன். விருந்தாளிகளின் காரைக்கூட நிறுத்திவைத்து எழுதுகிறார் என்று மேலாளரிடம் ஒரு தடவை புகாரும் சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் அவர் ஞாபகப்படுத்தவில்லை. சீசன் பதிவேடு இரண்டையும் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

0548. 0552. 0541. சுரண்டை வண்டியின் எண்ணுக்கு நேரே வரிசையாக. படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷமும் அவமானமும் மாறி மாறி வந்தன.

அன்று மாலையே மேலாளரிடம் சொன்னேன். நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை தப்பு என்று சொல்வதற்கு எனக்கு மூன்று தடவை தண்ணீர் குடிக்கவேண்டியிருந்தது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த அம்மாவுக்கு மட்டும் திருத்துகிறீர்களா, மூன்று பேருக்கும் திருத்துகிறீர்களா? மூன்று பேருக்கும், எண்பது நாளுக்கும் என்றேன். அப்படியானால் செய்யுங்கள் என்றார். நாற்பது, நாற்பது, இருபது என்ற பங்கீட்டில் கை வைக்கவேண்டாம், தரத்தையும் விலையையும் தொடவேண்டாம், பழைய அறிக்கையையும் சேர்த்துவைத்து எதற்காகத் திருத்தினோம் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள் என்றார். பதிவேட்டில் நேரம் தெளிவாக இல்லாத நாள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். அந்த நாளுக்கு மட்டும் ரசீது நேரமே நிற்கும் என்று இருவரும் முடிவு செய்து, கணக்கைத் தொடங்கும் முன்பே அதையும் எழுதிவைத்தோம்.

மறுநாள் முழுக்க உட்கார்ந்தேன். மூன்று வண்டிக்கும் எண்பது நாள், இருநூற்று நாற்பது வரிகள். மண்டிக்காரருக்கு ஒரு நாள் கூடி எழுபத்து மூன்று ஆனது. மொத்தம் தொண்ணூற்று நாலரை. செங்கோட்டைக்காரருக்கு இரண்டு நாள் கூடி எழுபது, மொத்தம் தொண்ணூற்று ஒன்று. அக்காவுக்கு முப்பது நாள் கூடியது. எழுபத்து நாலு நாள் சரி, முப்பத்தேழு மதிப்பெண், மொத்தம் தொண்ணூற்று நாலு. எழுபத்தொன்பதிலிருந்து தொண்ணூற்று நாலு. இரண்டாம் இடம். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, ஒரு டம்ளர் காபி வாங்கிவந்து, நின்றுகொண்டே குடித்தேன்.

ஆனால் ஒரு நாள் என்னை விடவில்லை. சாரல் அடித்து அந்தப் பக்கத்தின் ஓரம் நனைந்து, சுரண்டை வண்டிக்கு நேரே இருந்த நேரம் மட்டும் கரைந்து போயிருந்தது. பூஜ்ஜியம் தெரிகிறது, பிறகு ஐந்து மாதிரியும் ஆறு மாதிரியும் ஒன்று, அதற்கப்புறம் வெறும் நீல நிறம். ரசீதில் அன்று ஏழரை. அதை ஐந்து என்று எடுத்துக்கொண்டால் அக்காவுக்கு எழுபத்தைந்து நாள், தொண்ணூற்று நாலரை. மண்டிக்காரரோடு சமம். சமமானால் தரம், தரத்தில் அக்கா முன்னால். நாற்பது பங்கு ஆர்டர் அறுபது பங்காகிவிடும். ஒரே ஒரு இலக்கம். முப்பது நாளை அவரிடமிருந்து பிடுங்கியவள் நான், ஒரு நாளைக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்று மனசு அரித்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “தெரியாததத் தெரியும்னு நான் சொல்ல மாட்டேம்மா” என்று போய்விட்டார். எழுதிவைத்தது எழுதிவைத்ததுதான். ஏழரை என்றே போட்டேன். போட்டபிறகும் மனசு ஆறவில்லை.

அடுத்த நாள் காலையில் செங்கோட்டைக்காரருக்குத்தான் முதலில் போன் செய்தேன். இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாவதுக்குப் போனவர் அவர், அவருக்கு முதலில் சொல்வதுதான் முறை என்று பட்டது. சண்டை போடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். காரணத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்த அக்கா வண்டிய பின்னால எடுக்கச் சொல்லி நான் எத்தன நாள் எறக்கியிருக்கேன், அதெல்லாம் எனக்குத் தெரியாதா மேடம்” என்றார். தனக்குக் கேரளத்து வியாபாரமே போதும், கூட்ட நாளில் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார். வருத்தம் இல்லாமல் இல்லை, குரலில் தெரிந்தது.

அக்கா அன்று மதியம் வந்தார். இந்தமுறை வெறுங்கையோடு வந்தார், எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. திருத்திய பக்கத்தை முன்னால் வைத்து, முதலில் மன்னிப்புக் கேட்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, திக்கித்திணறித்தான் கேட்டேன். அடுத்த சீசனிலிருந்து ரசீதில் இரண்டு கட்டம் இருக்கும், வாசலுக்கு வந்த நேரம் ஒன்று, எடை போட்ட நேரம் ஒன்று என்று சொன்னேன். அவர் மறுபடியும் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். மொத்தத்துக்கு வந்ததும் நிறுத்தி, தொண்ணூத்தி நாலு என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு வாங்கியதில்லை என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. நனைந்த பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த ஒரு நாள் மட்டும் தெளிவாக இருந்திருந்தால் நீங்கள்தான் முதலிடம், என்னால் எதுவும் செய்ய முடியவில்லை அக்கா என்றேன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அக்கா எந்த நாள் என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

“அன்னைக்கு நான் நெசமாவே லேட்டு தங்கச்சி. சுந்தரபாண்டியபுரம் தாண்டி வண்டி பஞ்சரு. நான் வந்து சேரும்போது ஏழு மணி ஆகப்போவுது. நீங்க லேட்டுன்னுதான போட்டிருக்கீய?”

ஆமாம் என்றேன்.

“அப்போ கணக்கு சரிதான்.”

அவர் போனை எடுத்து, என் எதிரிலேயே சுரண்டைக்குப் பேசினார். நாற்று விடச் சொன்னார், ஆனால் போன தடவை அளவுக்குத்தான், நமக்கு நாற்பது பங்கு என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். நான் அறிக்கையைத் திறந்து, அந்த நாளுக்கு நேரே இருந்த தாமதம் என்ற சொல்லை இன்னொரு தடவை பார்த்தேன். என்னை விடாமல் அரித்த அந்த ஒரு நாளையும் நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று அவர் வாயால் தெரிந்தபிறகுதான் என் கணக்கின்மேல் எனக்கு மறுபடியும் நம்பிக்கை வந்தது.